தோட்டமில்லாத வீட்டில் கார்டன் லீவ்

ராஜினாமா கொடுத்த அன்று மாலையே லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். நோட்டீஸ் காலம் மூன்று மாதம். சம்பளம் வரும், ஆனால் ஆபீஸ் பக்கம் தலைகாட்டக் கூடாது. கார்டன் லீவ் என்று அதற்குப் பெயராம். ராயபுரத்தில் என் வீட்டுக்குத் தோட்டம் எங்கே? மொட்டைமாடியில் ஒரு துளசித் தொட்டி, அவ்வளவுதான்.

சரக்குகளைக் கப்பலேற்றும் நிறுவனத்தில் பதினான்கு வருடம் ஆவணப் பிரிவில் இருந்தேன். போகப்போவது போட்டி நிறுவனத்துக்கு, அதனால்தான் இந்த மரியாதை. அதுவரை வேறெங்கும் வேலை செய்யக் கூடாது, வாடிக்கையாளர்களிடமும் லாரிக்காரர்களிடமும் தொழில் பேசக் கூடாது, மேலாளர் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றது அவர்கள் தந்த கடிதம். மீறினால் ரிலீவிங் கடிதம் இழுபறியாகும். அது இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று புது இடத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

மற்றபடி என் பொழுது என்னுடையது. பகல் பதினொரு மணிக்குக் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்ப்பேன். எதில் என்ன சரக்கு என்று தெரியாமல் கப்பலைப் பார்ப்பது எனக்குப் புதிது. வெயிலில் அவை பாதி கரைந்து மிதந்தன. கிழமைகூட மறந்துபோனது. சுகமாகத்தான் இருந்தது, யாருக்கும் தேவைப்படாமல் இருப்பது கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

இரண்டாம் மாதம் ஒருநாள், எர்ணாவூரில் தோழி வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் ஆபீஸுக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் டிரைவர் ஒருவர் மறித்தார்.

"ஹார்பர் கேட்ல திருப்பி வுட்டானுங்கக்கா. சீல் நம்பர் தப்பா கீதாம். சாயங்காலத்துக்குள்ள உள்ள போவலன்னா கப்பல் பூடும். ஆபீஸ்ல இன்னான்னு புரியாம முழிக்கிறாங்க."

கை தானாக நீண்டு அவரிடமிருந்த கண்டெய்னர் சீட்டை வாங்கிவிட்டது. பார்த்ததும் புரிந்தது. சரக்கு அனுப்பிய தொழிற்சாலையில் எப்போதும், கண்டெய்னர் கதவில் பூட்டும் சுங்கத்துறை சீல் எண்ணையும் கப்பல் கம்பெனி சீல் எண்ணையும் இடம் மாற்றித்தான் எழுதி அனுப்புவார்கள். நான் சத்தமில்லாமல் திருத்திக்கொள்வேன். ஆபீஸில் இரண்டையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நகர்ந்த பிறகுதான் கடிதத்தின் நிபந்தனை ஞாபகம் வந்தது. நானே மேலாளரை போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டும் மாறி வரும்னு இங்க யாருக்குமே தெரியாதும்மா. எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியா?"

இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதேயில்லை.

இனி டிரைவர்கள் யாரிடமும் பேசாதே, நானே கேட்கிறேன், நான் கேட்டால் தப்பில்லை என்றார். அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு போன் வரும். எந்த வாடிக்கையாளர் என்ன தப்பு செய்வார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனையில் யாரோ எழுதிக்கொண்டார்கள். பத்து மணி போனுக்காக ஒன்பதரைக்கே தலைவாரி உட்கார ஆரம்பித்தேன்.

கடைசி நாள், ரிலீவிங் கடிதம் தயார் என்றார். பிறகு கேட்டார்: "வேற ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். ராஜினாமா எழுதிய அன்று வராத அழுகை அப்போது வந்தது.