தொண்ணூறுக்குக் காத்திருந்தவர்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் டாலர் என்றே பெயர். வெளிநாட்டு மருத்துவமனை பில்களுக்குக் குறியீடு போடும் வேலை. பின்னறையில் உட்கார்ந்தபடியே மாதம் பிறந்தால் டாலரில் சம்பளம். அது அவருடைய டாலர் கணக்கில் விழும். நம்ம பணமாக எப்போது மாற்றுவது என்பது அவர் இஷ்டம். அந்த இஷ்டம்தான் அவரைக் கெடுத்தது.

பதினோரு வருடமாகக் குடியிருந்த வீட்டை விற்கப் போகிறேன், முதலில் உங்களுக்குத்தான் என்றார் வீட்டுக்காரர். வங்கிக் கடன் போக, கையிலிருந்து எட்டரை லட்சம் வேண்டும். புதன்கிழமை கெடு. கணக்கில் பத்தாயிரம் டாலர் இருந்தது. வெள்ளியன்று வங்கி கொடுத்த விலை எண்பத்தாறு. மாற்றியிருந்தால் எட்டு லட்சத்து அறுபதாயிரம். அக்கா தையல் மெஷினை எந்த ஜன்னலோரம் போடுவது என்று அளந்துகூட வைத்துவிட்டாள்.

"பாதியையாவது மாத்திடுங்களேன்" என்றாள்.

"ஏறுற நேரத்துல எவனாவது விப்பானா? தொண்ணூறு தொடும் பாரு. கூட வர்ற நாப்பதாயிரத்துல சமையலறைக்கு அலமாரியே போட்டுடலாம்."

திங்களன்று மத்திய வங்கி டாலரை அள்ளி விற்றது. எண்பத்து மூன்று. செவ்வாய் காலை அத்தானின் செல்போனில் எண்பத்தொன்றரை என்று காட்டியது. ஆனால் திரையில் தெரிவது ஒன்று, வங்கி நம் கையில் கொடுப்பது ஒன்று. வங்கி விலை எண்பத்தொன்றுதான். எட்டரை லட்சத்துக்கு நாற்பதாயிரம் குறைந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மச்சானிடம் கை நீட்டினால் கௌரவம் என்னாவது? வீட்டுக்காரரிடம் போய் நின்றார்.

"ரெண்டு நாள் பொறுங்க சார், ஏறிடும்."

"உங்க டாலர் ஏறி இறங்குறதுக்கெல்லாம் நான் காத்திருக்க முடியுமாய்யா?" என்றார் அவர். மறுநாளே கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடையவில்லை, இவரே போட்டு உடைத்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதோடு விட்டாரா? இனி மேலும் விழும் என்று பயந்து, வீடே கைவிட்டுப் போன பிறகு, பத்தாயிரத்தையும் எண்பதுக்கு மாற்றினார்.

நாலு மாதம் போயிற்று. மருந்துக்கடைக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். போன ஞாயிறு நான் போயிருந்தபோது அத்தான் செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னறையிலிருந்து ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தொண்ணூத்தொண்ணு! நான் சொன்னேன்ல?"

அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அது இன்னும் வாசல் நடையில்தான் கிடக்கிறது. அடுத்த வீட்டுக்கு எப்போது தூக்க வேண்டியிருக்குமோ என்று அவள் அதை நகர்த்தவே இல்லை.

"ஆமா, சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். "கீழ போய் வாடகையைக் குடுத்துட்டு வாங்க."