நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாரும் அவரை ‘பிரதர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண் நர்ஸ். பத்தொன்பது வருட சர்வீஸ். அதிர்ந்து பேசாத மனுஷன் என்று ஆஸ்பத்திரியில் பெயர். அந்தப் பெயர் வீட்டு வாசல் வரைக்கும்தான். சாயங்காலம் ஏழரைக்கு மனைவி டி.வி.யைப் போட்டு, ஆஸ்பத்திரி சீரியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், மனுஷனுக்கு வாய் நிற்காது.

“ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி மாட்டியிருக்கான் பாரு. காதுக்குள்ள போற முனை முன்பக்கமா சாஞ்சிருக்கணும். இப்படித் திருப்பி மாட்டினா ஒரு எழவும் கேக்காது.”

“அவன் எதையும் கேக்க வேணாம். வசனம் பேசினாப் போதும்.”

“எக்ஸ்ரேயைத் தலைகீழா மாட்டிட்டு ‘நிலைமை மோசம்’ங்கிறாங்க. படத்தை நேரா மாட்டினாலே பாதி சரியாயிடும்.”

“நீங்க வாயை மூடினா மீதியும் சரியாயிடும்,” என்பாள் மனைவி.

ஆபரேஷன் நடக்கும்போது மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு அழும் கதாநாயகி, ரத்தம் எடுத்த அடுத்த நிமிஷமே கைக்கு வரும் ரிசல்ட், ஊசி போடுவது முதல் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது வரை எல்லாவற்றையும் தானே செய்யும் பெரிய டாக்டர் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. “பத்து எபிசோடா ஒரு நர்ஸுக்கும் வேலையே இல்ல. எங்களை எல்லாம் எதுக்கு வச்சிருக்காங்க, கதவைத் திறந்துவிடவா?” என்று கேட்டுவிட்டு, எழுந்து போகாமல் முழுசாகவும் பார்ப்பார்.

அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆறாம் நம்பர் கட்டில் சம்பவம் நடக்கும் வரை.

அந்தக் கட்டிலில் எழுபத்தொரு வயதுப் பெரியவர். சிறுநீரகம் இரண்டும் போய், கிருமி ரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. கூட இருந்தது ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு காலையில், பத்து மணி இருக்கும், பெரியவரின் இதயம் நின்றது. மானிட்டரில் கோடு நேராக ஓடியது. பிரதர் முதலில் ஒயர்கள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஒயர் கழன்றாலும் கோடு நேராகத்தான் வரும். எல்லாம் சரியாக இருந்தது. நாடி இல்லை. உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். முழங்கையை மடக்காமல், நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாமல், ஒவ்வொரு தடவையும் இரண்டு அங்குலம் உள்ளே போகும்படி. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை அட்ரினலின் ஊசி போனது. முப்பத்திரண்டு நிமிஷம் போராடினார்கள். பெரியவர் திரும்பவில்லை.

அரைகுறையாக மூடிய திரைக்கு வெளியே நின்று டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஷாக் மெஷின் பக்கத்துலயே இருக்கு. ஒருத்தர் கூடத் தொடலை,” என்றாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “சீரியல்ல கூடக் கொடுக்கிறாங்களே! கோடு நேரா வந்ததும் உடனே கொடுக்கிறாங்களே! எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் கொடுக்கலை?”

டாக்டர் விளக்கினார். பிரதரும் விளக்கப் பார்த்தார். அந்த நேரத்தில் யாருக்கு எது காதில் ஏறும்? மறுவாரம் அவள் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தாள். முதல் ஆளாக நெஞ்சில் கை வைத்தவர் என்பதால் பிரதரின் பெயர் முதலில் இருந்தது.

மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். மானிட்டர் தாள், மருந்து கொடுத்த நேரம், ஒயர் சரிபார்த்த குறிப்பு எல்லாவற்றையும் பார்த்து, தவறு ஏதும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரதர் நியாயமாக நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. டீச்சர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஒரு எழுத்தையும் நம்பவில்லை.

அதற்கப்புறம் ஏழரை மணிக்கு அவர் வாயே திறக்கவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்த மனைவிக்குத் தாங்கவில்லை.

“திட்டித் தொலைங்களேன். வீடு வீடாவே இல்ல.”

“திட்டி என்ன ஆகப்போகுது?”

“அப்போ சீரியல்காரங்களுக்கு எழுதிப் போடுங்க. எழுதுறவங்களும் மனுஷங்கதானே.”

நாலு பக்கம் எழுதினார். எது தப்பு என்று மட்டும் எழுதவில்லை. அந்த இடத்தில் நிஜத்தில் என்ன நடக்கும் என்றும் எழுதினார். மூன்றாம் வாரம் போன் வந்தது. பேசியது அந்த சீரியலின் கதை எழுதும் அம்மாள்.

“எங்களுக்கு டாக்டருங்க நிறையப் பேர் எழுதுவாங்க சார். திட்டிட்டு முடிச்சிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் அதுக்குப் பதிலா என்ன பண்ணலாம்னு எழுதியிருக்கீங்க. ஒரு நாள் வர்றீங்களா?”

போனார். பெரிய கொட்டகைக்குள் ஆஸ்பத்திரி. கட்டில் நிஜம், மானிட்டர் நிஜம், சுவர் மட்டும் தட்டினால் டொக்கென்றது. கதை எழுதும் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“எனக்கு இருக்கிறது இருபத்திரண்டு நிமிஷம். நிஜத்துல ரிசல்ட் வர ரெண்டு நாள்னா, அந்த ரெண்டு நாள் நாங்க என்ன காட்டுறது, நாற்காலியையா? புரியாத சங்கதியை ரெண்டு செகண்டுல புரிய வைக்கணும். மாஸ்க்கை இறக்கினாத்தான் நடிக்கிறவ முகம் தெரியும். புது டாக்டர் வந்தா புது நடிகர் வேணும், அதனாலதான் ஒரே ஆள் எல்லா வேலையும் பண்றார். நாங்க தெரியாமப் பண்றதும் உண்டு. தெரிஞ்சேதான் பொய் சொல்றதும் உண்டு.”

இது பிரதருக்குப் புதுசு. தெரியாமல் செய்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பேரம் அன்று காலையிலேயே ஆரம்பித்தது. ரிசல்ட் விஷயத்தில் அவர் தோற்றார். நடுவில் வேறு ஒரு காட்சியைப் போட்டு, “நேத்து எடுத்த ரத்தம்” என்று ஒரு வசனம் சேர்ப்பதோடு சமாதானம் ஆனது. மாஸ்க் விஷயம் இழுத்தது. கை கழுவும் தொட்டியடியில் மாஸ்க் இல்லாமல் பேசட்டும் என்றாள் அம்மாள்.

“மாஸ்க் போட்டுட்டுத்தான் கையே கழுவணும். கழுவின கையால மாஸ்க்கைத் தொடக் கூடாது.”

“அப்போ எங்கதான் அழுறது?”

“வெளியில வராந்தாவுல அழட்டும். எங்க டாக்டருங்களும் அங்கதான் அழுவாங்க.”

அம்மாள் அதைக் குறித்துக்கொண்டாள்.

நெஞ்சை அழுத்தும் காட்சிக்கு ஒத்திகை நடந்தது. சின்ன டாக்டராக நடிக்கும் பையன் முழங்கையை மடக்கி, மாவு பிசைகிற மாதிரி மெதுவாக அழுத்தினான். பிரதருக்குப் பொறுக்கவில்லை.

“கையை நீட்டி, தோள் பலத்துல அழுத்துங்க தம்பி.”

கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்தவர் பதறி எழுந்தார். “ஐயா, நான் உயிரோட இருக்கேன்! அப்படி அழுத்தினா விலா எலும்பு போயிடும்!”

உண்மைதான். உயிருள்ள ஆளின் மேல் அதைச் செய்யவே முடியாது. பிரதரே வழி சொன்னார். கையை மட்டும் காட்டும்போது நர்ஸிங் மாணவர்கள் பழகும் பொம்மை. நோயாளியின் முகம் தெரியும்போது கேமரா டாக்டரின் தோளுக்கு மேல். அவன் அழுத்துவது பக்கத்தில் வைத்த தலையணையை. எடுத்துப் பார்த்தபோது நிஜமாகவே இருந்தது. இரண்டு நிமிஷத்தில் பையனுக்கு வியர்த்துக் கொட்டியது. மேக்கப்காரருக்கு வேலை மிச்சம்.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. நேர்கோடு, உடனே ஷாக், நோயாளி கட்டிலிலிருந்து ஒரு முழம் எம்பி விழுகிறார், கோடு துடிக்கிறது, கண் திறக்கிறார்.

“இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்,” என்றார் பிரதர்.

டைரக்டர் கையை விரித்தார். “சார், நேர்கோடுன்னா சாவுன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுதான் எங்க துருப்புச் சீட்டே.”

“ஷாக் இதயத்தை ஓட்டி விடுறதில்ல சார். நிறுத்தி விடுறது. இதயம் தாறுமாறா உதறிட்டு இருந்தா, ஒரு அதட்டு அதட்டி அமைதியாக்கி, அதுவா ஒழுங்கா ஆரம்பிக்க விடுறோம். நேர்கோட்டுல உதறலே கிடையாது. எதை நிறுத்துறது? அழுத்தணும், மருந்து கொடுக்கணும், காரணம் என்னன்னு தேடணும். அப்படியும் பத்துப் பேர்ல ஒருத்தர் நடந்து வீட்டுக்குப் போனாப் பெரிய விஷயம். உங்க சீரியல்ல எல்லாருமே பிழைக்கிறாங்க. அதைப் பார்த்துட்டு, பிழைக்காதவங்க வீட்டுல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

அப்புறம் அவர் டீச்சரைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை, ஆளைச் சொல்லவில்லை. திரைக்கு வெளியே நின்ற ஒரு மகள், அவ்வளவுதான்.

கதை எழுதும் அம்மாள் தலையில் இருந்த கண்ணாடியைத் தானே கண்டுபிடித்து இறக்கிக்கொண்டாள். “முதல்ல கோணல்மாணலா கோடு ஓடட்டும்,” என்றாள் மெதுவாக. “அப்போ ஷாக் கொடுக்கட்டும், டைரக்டருக்கு அவர் மெஷின் கிடைச்சிடும். எம்ப வேணாம், தோள் ஒரு வெட்டு வெட்டினாப் போதும். அப்புறம் கோடு நேராகுது. சின்ன டாக்டர் மறுபடியும் மெஷினை எடுக்கிறான். சீனியர் நர்ஸ் அவன் கையைப் பிடிக்கிறாங்க. ‘இதுக்கு ஷாக் கிடையாது. அழுத்துங்க.’ வெளிய நிக்கிற மக அதைப் பார்க்கிறா.”

“ஆள் பிழைக்கிறாரா?” என்று கேட்டார் டைரக்டர்.

“இல்ல. அப்புறம் அந்த நர்ஸ் வெளிய போய் மககிட்ட உட்கார்ந்து பேசுறாங்க. மூணு நிமிஷம். மியூசிக் வேணாம்.”

அந்த எபிசோடு வந்த அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் பார்த்தார்கள். முடிந்ததும் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “முதல் தடவையா ஒரு நர்ஸுக்கு வேலை கொடுத்திருக்காங்க,” என்றாள்.

நாலாம் நாள், பார்வையாளர் நேரத்தில், டீச்சர் வார்டு வாசலில் வந்து நின்றாள். இன்னொரு புகாரோ என்று பிரதர் எழுந்து வந்தார்.

“ரெண்டு நிமிஷம் பேசலாமா, அண்ணா?”

‘அண்ணா’வைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“ஒரு சீரியல் பார்த்தேன். அதுல வர்ற நர்ஸ் சொல்றாங்க, நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாதுன்னு. சீரியல்தானே, நம்பாம ஒரு டாக்டர் தோழிகிட்ட கேட்டேன். சரிதான்னு சொன்னா. நீங்களும் அன்னிக்கு அதைத்தானே சொன்னீங்க.” பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். “உங்க மேல கோபம்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மை அது இல்லண்ணா. மெஷினைக் காட்டி நான் கத்தியிருக்கணும், உள்ள ஓடி வந்திருக்கணும், பேசாம நின்னு அப்பாவைச் சாக விட்டுட்டேன்னு எட்டு மாசமா… தூங்க முடியலை.”

“நீங்க கத்தியிருந்தாலும் நாங்க அதைத்தாம்மா செஞ்சிருப்போம். எதுவும் மாறியிருக்காது.”

அவள் அழுதாள். அழுது முடித்து, மூச்சை இழுத்துவிட்டபோது தோள் இரண்டும் இறங்கியதை அவர் பார்த்தார்.

மறைப்பது சரியில்லை என்று பட்டது. அந்தக் காட்சி எப்படி வந்தது என்பதையும், அதில் அவளைப் பற்றி, பெயர் சொல்லாமல், பேசியதையும் சொன்னார். கோபித்துக்கொள்வாளோ என்று பார்த்தார். டீச்சர் வாயைப் பிளந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்போடு கேட்டாள்:

“அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தச் சின்ன டாக்டர் யாரைக் கட்டிக்கப் போறான்?”

“அது எழுதுறவங்களுக்கே இன்னும் தெரியாதும்மா,” என்றார் பிரதர். உள்ளே மணி அடித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து வார்டுக்குள் போனார்.