கடிதத்தில் இருந்த சொல்

காலை எட்டு ஐந்து. பள்ளிக்கூட வாசலில் நான் முதலில் கண்டது தரையில் கிடந்த சோக்குத் துண்டுகளை. மூன்று துண்டுகள். கரும்பலகையில் 'மழை பெய்' என்பதோடு எழுத்து நின்றிருந்தது. அக்கா வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

பரந்தனுக்குத் தெற்கே, குடியேற்றத் திட்டத்துக்குள் இருந்த ஓலைக் கொட்டில் அது. காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். அக்காவின் இரண்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். நான் ஒரு பத்திரிகைக்கு அந்தப் பகுதிச் செய்தி எழுதிக்கொண்டு அவர் வீட்டில் தங்கியிருந்தேன்.

சோக்கு விழுவதற்கு இரண்டு வாரம் முன்பு அவருடைய சின்னவிரல் அடுப்பில் வெந்தது. கருகிய மணம் வந்த பிறகுதான் அவர் விரலைப் பார்த்தார். அதை அவரே கிணற்றடியில் சிரித்துக்கொண்டு சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

"சுட்டும் தெரியேல்லையெண்டால் அது என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியும்," என்றாள் தண்ணீர் அள்ள வந்த ஒருத்தி. "எங்கடை பிள்ளையளின்ரை சிலேற்றை அவா தொடுறா."

தொழுநோயைக் குறிக்கும் பெருவியாதி என்ற சொல்லை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான்கு பிள்ளைகள் வரவில்லை. அக்காவுக்கும் அதே பயம்தான். அப்படி இருந்தால் வேலை போகும். வீட்டை விட்டும் அனுப்பிவிடுவார்கள்.

சோக்கு விழுந்த அன்றே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி அவசரப்படாத மனிதர்.

"ரீச்சர், இது எழுதிற கையோ, அடிக்கிற கையோ?"

"ரெண்டும் இதுதான் ஐயா."

தோலில் தேமல் தேடினார்; இல்லை. முழங்கையின் உட்புற நரம்பை உருட்டிப் பார்த்தார், தடிப்பில்லை. பஞ்சால் தொட்டுக்கொண்டே போனார். சின்னவிரலோடு நிற்காமல், முன்கையின் உட்பக்கம் முழுவதும் உணர்வற்று விறைத்திருந்தது. பெருவிரல் அடியில் இருந்த சதை மற்றக் கையில் உள்ளதைவிட வற்றியிருந்தது.

"எப்ப கூட விறைக்குது?"

"தலை வாரி இழுக்கேக்க. பலகையிலை எழுதேக்க. தண்ணி வாளி தூக்கினால் பிறகு கை இரும்பாயிடும்."

இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தி விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் வலக்கை கீழே விழுந்தது. கையைப் பின்னுக்கு இழுத்து, தலையைத் திருப்பச் சொல்லி நாடியைப் பிடித்தார்.

"நாடி நிக்குது. நல்ல ஆக்களுக்கும் சிலவேளை நிக்கும், அதை மட்டும் வைச்சுச் சொல்லேலாது." காறை எலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார். அக்கா பல்லைக் கடித்தார். "இதிலை ஒரு முடிச்சு இருக்கு. கழுத்திலை மேலதிகமா ஒரு விலா எலும்பு வளர்ந்திருக்கலாம். கைக்குப் போற நரம்பு அதிலை நெரிபடுது. படம் எடுக்கவேணும்."

"அப்ப அது இல்லையோ ஐயா?"

"அது இல்லை."

வெளியே வந்து அக்கா அழுதார். நான் திரும்பி உள்ளே போனேன்.

"ஐயா, ஒரு கடிதம் தாருங்கோ. பெருவியாதி இல்லையெண்டு தெளிவாய் எழுதுங்கோ."

"அந்தச் சொல் வேணுமோ தம்பி? கழுத்து எலும்பு எண்டு எழுதினால் அதுவே காணும்."

"வேணும். மறுப்பெண்டால் சொல்லை வைச்சுத்தான் மறுக்கவேணும்."

பத்திரிகையில் நான் பழகியது அது. அவர் எழுதித் தந்தார். நானே அதைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டினேன்.

யாழ்ப்பாணத்தில் எடுத்த படத்தில் கழுத்தின் வலப்பக்கம் ஒரு குட்டி விலா எலும்பு தெரிந்தது. பாரம் தூக்கக் கூடாது, கையை உயர்த்தி வேலை செய்யக் கூடாது, தோளை நிமிர்த்தும் பயிற்சி செய்யவேண்டும் என்றார்கள். சதை வற்றத் தொடங்கியதால் அதோடு நிற்க முடியாது, வெட்டவேண்டும் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். "வற்றின சதை திரும்பி வருமெண்டு சொல்லமாட்டன். இனி வற்றாமல் பாக்கலாம்." எலும்பின் நுனியையும் அதிலிருந்து இறங்கிய ஒரு நார்ப் பட்டையையும் அறுத்தெடுத்தார்கள். சில மாதங்களில் கையின் பாரம் போனது, விறைப்பும் பெரும்பாலும் குறைந்தது. சோக்கை இறுக்கிப் பிடிக்கும் பலம் வரவில்லை. அக்கா இடக்கையால் எழுதப் பழகினார்.

இதற்கிடையில் கடிதச் செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். பக்கத்துக் காணிக்காரர் என்னை வயல் வரம்பில் மறித்தார்.

"உம்மடை கொக்காவுக்குப் பெருவியாதியெண்டு ஆஸ்பத்திரிக் கடிதமே ஒட்டியிருக்காம்."

"இல்லையெண்டு இருக்கு, அண்ணை."

"இல்லாத ஆளுக்கு ஏன் கடிதம்?"

அன்று பின்னேரம் கடிதத்தைக் கிழித்தேன். பசை பிடித்த ஓரம் கதவிலேயே இருந்தது.

தை மாதம் அக்கா வேலைக்குத் திரும்பினார். இரண்டாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தான் இருந்தார்கள்.