ஐம்பது மீட்டருக்குள் இருந்த வீடுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்த்தேன். தாளை மேசையில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் மேலும் கருவியை நகர்த்திப் புள்ளி புள்ளியாக அழுத்த வேண்டும். சாயங்காலம் மயிலாப்பூருக்கு நடந்து திரும்பும்போது தோள்பட்டை தனியாகக் கழன்று வரும் போலிருக்கும். வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிச்சலாக வரும்.

அந்த வருடம் வந்த வேலை அடையாற்றங்கரை. கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் குடிசைகளுக்குப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் இருப்பவர்களை ஊருக்கு வெளியே மாற்றப் போகிறார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வரைபடம் வந்தாலும் முதலில் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு மாற்றிவிடுவோம். அப்போதுதான் எல்லாத் தாள்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்கு மீட்டர் தெரியாது, எல்லாமே டிகிரிதான். புதிதாகச் சேர்ந்த ஒருவர் கரையைச் சுற்றி ஐம்பது மீட்டர் அகலத்துக்குப் பட்டை போட 50 என்று தட்டியபோது, அது ஐம்பது டிகிரி என்று எடுத்துக்கொண்டு இந்தியா முழுவதையும் பட்டைக்குள் போட்டுவிட்டது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு சீனியர் சுவரில் ஒரு சீட்டு ஒட்டினார்: ஒரு டிகிரி, நூற்றுப் பதினோரு கிலோமீட்டர். மீட்டரை அதால் வகுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியது.

வகுத்தேன். 0.00045 வந்தது. சீனியர் எழுதிய புரோகிராமில் பட்டையின் அகலத்தைத் தட்டும் கட்டம் நான்கு தசம இடம்தான் வாங்கும். 0.0005 என்று தட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, எங்களுக்கு டீ கொண்டுவரும் அக்கா என் மேசைப் பக்கம் வந்து நின்றார். அவர் வீடு அந்தக் கரையில்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"இன்னாம்மா, லிஸ்ட்ல என் வூட்டு நம்பரும் கீது. டேப்பு புட்ச்சி அளந்த சாரு அம்பத்திரண்டு மீட்டருன்னு எயிதிக்கினு போனாரே. நீங்கதான கம்ப்யூட்டர்ல போட்டீங்க?"

"பார்க்கறேன்க்கா" என்றேன்.

மத்தியானம் சாப்பிடப் போகாமல் பட்டையை மீட்டரில் அளந்து பார்த்தேன். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, பட்டை வடக்கும் தெற்குமாக விரிந்திருந்தது. 0.0005 டிகிரி அந்தத் திசையில் ஐம்பத்தைந்து மீட்டர். நான் சோம்பேறித்தனமாக முழுசாக்கிய ஒரு எண், ஐந்து மீட்டர் அகலத்துக்கு ஒரு வரிசை வீடுகளை உள்ளே இழுத்திருந்தது.

சீனியரிடம் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கட்டத்துல அஞ்சு தசமம் வாங்கற மாதிரி மாத்தித் தரேன். 0.00045 போடு, முடிஞ்சுது."

"முடியல சார். வடக்கு தெற்கா ஒரு டிகிரி எங்க போனாலும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். கிழக்கு மேற்கா அப்படி இல்ல, வடக்கே போகப் போகக் குறையும். இங்க நூத்தியெட்டரை கிலோமீட்டர், காஷ்மீர்ல தொண்ணூத்திரண்டு. ஒரே எண்ணைப் போட்டா ஆறு வளையற இடத்துல ஒரு அளவு, நேரா போற இடத்துல ஒரு அளவு. இங்க வித்தியாசம் கம்மிதான். ஆனா யாரோட வீட்டையோ அதை நம்பி எடுக்க முடியுமா?"

இப்போது தலையைத் தூக்கினார். "சரி, மீட்டருக்கே மாத்திப் பண்ணு" என்றார்.

கரைக் கோட்டையும் வீட்டுப் புள்ளிகளையும் உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்கும் யு.டி.எம். முறையில் சென்னை விழும் நாற்பத்து நான்காம் மண்டலத்துக்கு மாற்றினேன். அங்கே அலகு மீட்டர். 50 என்று தட்டினேன். ஐம்பது மீட்டர்தான் வந்தது. இதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வந்த தாள் முதலில் மீட்டரில்தான் இருந்தது, டிகிரியாக்கியது நாங்கள்தான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வேலை கொடுத்தவர்கள் புதிய பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். அக்காவின் வரிசை முழுவதும் வெளியே வந்துவிட்டது. மறுநாள் டீயோடு வந்தவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எதிர் வரிசை?"

"அது நாப்பத்தெட்டு மீட்டர்க்கா. உள்ளதான் வருது."

"அங்கதாம்மா என் தங்கச்சி கீது. ரெண்டு பேர் வூட்டு வாசலும் நேருக்கு நேரு. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?"

மறுபடி அளந்து பார்க்கிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை அளவில் தப்பு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். டம்ளரை எடுத்துக் குடித்தேன், அவரைப் பார்க்காமல்.