அந்தச் செயலியில் என் பெயர் எங்கே?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அச்சுவேலியில் விதைக்கடை போட்டேன். இரண்டுமுறை இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரை போன அதே கடையை மறுபடி எழுப்பினேன். பிறகு உரும்பிராயில் இன்னொரு கடை, ஒரு லொறி, மாடி வீடு. இதற்கெல்லாம் யாரும் எனக்கு நட்சத்திரம் போட்டதில்லை.

என் தம்பியின் மகன் செய்தது ஒரே ஒரு கைபேசிச் செயலி. அன்றன்றைக்கு மரக்கறி என்ன விலை போகிறதென்று தோட்டக்காரருக்குக் காட்டும். காலையில் சந்தைக்குப் போய் விலை விசாரித்து அவனுக்கு அனுப்புகிறவன் நான்தான், மழையென்றாலும் காய்ச்சலென்றாலும்.

அவன் கொழும்பு நிறுவனமொன்றில் வேலைக்கு விண்ணப்பித்தான். அவர்கள் சான்றிதழைவிட, வெளியிட்ட செயலியின் இணைப்பைத்தான் கேட்டார்கள். அனுப்பினான். அந்தப் பக்கத்தை எனக்கும் காட்டினான். ஐயாயிரத்துக்கு மேல் பதிவிறக்கம், 4.6 நட்சத்திரம், தலைப்புக்குக் கீழே அவன் பெயர் மட்டும். அடிவரை தள்ளிப் பார்த்தேன், என் பெயர் எங்கேயும் இல்லை.

நேர்முகத்தை என் கடை மாடியிலிருந்து கணினியில்தான் செய்தான். அங்கேதான் இணையம் ஒழுங்காக வரும். நான் எதிரே கதிரை போட்டு இருந்தேன்.

கேள்வி கேட்ட பெண்ணும் எங்கள் பக்கத்துக்காரி போல. "ஒரே கிழமைக்குள்ள நாப்பது பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கினம். எல்லாத்திலையும் 'மிக நன்று' எண்டுதான் கிடக்கு. காசு குடுத்துப் போடுவிச்சனீங்களோ?"

என் வேலை அது. நட்சத்திரம் போட்டவர்களுக்கு ஒரு பக்கற் வெண்டி விதை இலவசம். 'மிக நன்று' என்பதையும் நானே அவர்கள் கைபேசியை வாங்கி அடித்துவிட்டேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். "காசில்லை மிஸ், வெண்டி விதை. பெரியப்பா குடுத்தவர். எனக்கு நேற்றுத்தான் தெரியும். அதுகளைக் கழிச்சுப்போட்டுப் பாருங்கோ."

அவள் சிரித்தாள். "அப்ப உண்மையாப் பாவிக்கிறவை ஆர்?"

தினமும் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்ற தன் கணக்குப் பக்கத்தைத் திரையில் காட்டினான். பிறகு மூன்றே நட்சத்திரம் போட்ட ஒரு தோட்டக்காரரின் கருத்தைத் திறந்தான். 'திறக்கச் சுணங்குது. ஆனா போட்ட விலைதான் சந்தையில நிண்டது.' அதன் கீழே அவன் பதில். அடுத்த பதிப்பில் அந்தத் தாமதத்தைத் திருத்தியும் இருந்தான்.

"இதைத்தான் தேடினனான்," என்றாள். "விலை பிழையில்லாமல் எப்பிடி எடுக்கிறீங்கள்?"

"அதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு மிஸ்."

ஏற்பாடு. எதிரே இருந்த நான் ஏற்பாடு.

வேலை கிடைத்துவிட்டது. "செயலியிலை என்ரை பேரையும் போடு," என்றேன்.

"போட்டா வெண்டி விதையையும் சேத்துப் போடவேணும், பெரியப்பா."

போடட்டும். விதை கொடுத்தது பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த மூன்று நட்சத்திரம். அதில் சுணக்கம் அவனுடையது, சரியான விலை என்னுடையது. 'இந்தச் செயலியைப் பற்றி' என்ற இடத்தில், விலை சேகரித்துத் தருபவர் என்று, என் முழுப் பெயரையும் போட வேண்டும்.