ரேடியோ மழை

அன்று இரவு அறையில் நானும் அப்பாவும் இருந்தோம். அறைத்தோழன் இல்லை. கணியம்பாடிக்காரனான அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தான். தினமும் என் காலைப் பிடித்து உலுக்கி எழுப்புகிறவன் அவன்தான்.

வேலூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் எங்கள் மாடி அறை. இரவெல்லாம் ஏர்-ஹாரன், ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு. வந்த முதல் மாதம் கண் மூடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். பஞ்சில் வாசலைன் தடவி, திரித்துக் காதில் அடைப்பது. கறுப்புத் துணியை இரண்டாக மடித்து ஜன்னலின் நாலு பக்கமும் ஆணி அடிப்பது. டிரான்சிஸ்டரின் முள்ளை எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் நிறுத்தினால் ஒரே சீராக ‘உஸ்’ என்று இரையும். அது ஹாரனை விழுங்கிவிடும். தூக்கம் வந்தது. ஆனால் அது பெட்டிக்குள் வைத்து மூடிய தூக்கம். கண் விழித்தாலும் பகலா இரவா என்று தெரியாது. சில நாள் மூச்சு முட்டி எழுந்து, கதவைத் தடவித் தேடியிருக்கிறேன்.

மறுநாள் ஒன்பதரைக்குக் குமாஸ்தா தேர்வு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். நான் தேர்வுக்குப் போவதைப் பார்க்கவே அப்பா ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். “நீ நிம்மதியா தூங்குடா. விடிஞ்சா நான் எழுப்புறேன்” என்றார். வெளிச்சம் வரும்முன் எழுந்துவிடுகிற மனிதர். நம்பி, அவர் கண் அசந்ததும் ரேடியோவை இரையவிட்டு, பஞ்சை அடைத்துக்கொண்டேன்.

தோளைத் தட்டியதும் விழித்தேன். காதுப் பஞ்சைப் பிடுங்கினேன். அறை இருட்டு. ரேடியோ அடங்கிக் கிடந்தது, செல் தீர்ந்திருந்தது.

“மழ வுட்டுச்சு, எழுந்திரு.”

“இன்னா மழப்பா?”

“ராத்திரி பூரா கொட்டுச்சே! நான் எப்பவோ எழுந்து குந்திகினு கீறேன். வானம் வெளுக்கவே இல்ல. கொட்டுற மழையில எங்க போவப் போறன்னு வுட்டுட்டேன்.”

“பஸ் சத்தம் கேக்கலையா?”

“அது ராத்திரியும்தான் கேட்டுச்சு.”

துணியின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு பிய்ந்து வந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. கீழே டீக்கடைக் கடிகாரத்தில் பத்து நாற்பது. தெரு காய்ந்து கிடந்தது. அப்பா ஜன்னலில் தலையை நீட்டி அதையே பார்த்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு தேர்வுக்கூடத்துக்கு ஓடினேன். “பத்துக்கு மேல யாரையும் வுடக் கூடாது தம்பி” என்றார் வாசல் காவலர். கம்பிக் கதவுக்கு அப்பால் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அப்பா அந்தத் துணியை மடித்து மடியில் வைத்திருந்தார். “இது எவ்ளோடா?” என்று கேட்டார்.

துணி பதினான்கு ரூபாய், பஞ்சும் வாசலைனும் மூன்று, செல் நான்கு, தேர்வுக் கட்டணம் பன்னிரண்டு. முப்பத்து மூன்று ரூபாய். அடுத்த தேர்வு வரும்வரை அதே அறையில் ஒரு வருடம்.