தீக்குச்சி வைக்காத படம்

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைத் தீக்குச்சிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பூச்சி மருந்து அடிப்பது அவர் தொழில். மருந்து அடிப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. பூச்சி இன்னதென்று சொல்ல அவர்தான். வீட்டில் எதையாவது கண்டு பதறியவர்கள் கைபேசியில் படம் எடுத்து அவருக்கு அனுப்புவார்கள். உடனே அவரிடமிருந்து ஒரே பதில் போகும்: பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைத்து எடுங்கள், தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று. மூன்றும் வரும்வரை அவர் வாய் திறக்கமாட்டார்.

பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. தொழிலுக்கு வந்த புதிதில், கிட்டத்தில் எடுத்த படம் எலிக்குட்டியையும் யானையாக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஓர் அலுவலக மேலாளர் தன் சமையலறையில் ராட்சதக் கரப்பான் என்று படம் அனுப்பினார். இவரும் சாக்கடை வழி வரும் பெரிய கரப்பான் என்றெண்ணி, குழாய் வாயெல்லாம் மருந்து அடித்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் பார்த்தால், அடுப்புக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக இருந்தது சின்னக் கரப்பான். விரல் நகத்தளவு, வெளிர் பழுப்பு, கழுத்துத் தகட்டில் இரண்டு கறுப்புக் கோடு. பெரியதற்கு அந்தக் கோடு கிடையாது. செம்பழுப்பு உடம்பு, கழுத்துத் தகட்டைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. "ஆளைப் பாக்காம பேர் வச்சிட்டீங்களே" என்று மேலாளர் சிரித்தார். அன்றே இவர் பழைய பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார். செத்த பூச்சிகளைத் தீப்பெட்டிகளில் சேர்த்து, ஒவ்வொன்றாகக் கால் எண்ணி, மயிர் எண்ணிப் பார்த்தார். யாரும் சொல்லித் தரவில்லை. தீக்குச்சிச் சட்டமும் அந்தத் தீப்பெட்டிகளிலிருந்து வந்ததுதான்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒருமுறை மீறினார். அது அவருடைய அக்காவுக்காக.

அக்காவுக்கு ஒரே மகள். பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏறினால் முடி கொட்டும் என்று மருத்துவர் சொன்னதும், அந்தப் பெண்ணே கண்ணாடி முன் உட்கார்ந்து, "கொட்டி வீணாப் போறதுக்கு முன்னாடி நீயே வெட்டி வச்சுக்கோம்மா" என்றாள். அக்கா சடையைப் பின்னி, இரண்டு முனையிலும் நீல நாடா கட்டி வெட்டினாள். எட்டு மாதத்தில் மகள் போய்விட்டாள். சடையை அக்கா அவளுடைய கம்பளிக் கழுத்துத் துணியில் சுற்றி, அவள் எழுதிய கடிதங்களோடு ஒரு மரப்பெட்டியில் வைத்தாள். அதைக் கழுவவில்லை. எண்ணெயும் வியர்வையுமாக அவள் தலை வாசனை அதில் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, மகள் பிறந்த நாளில் மட்டும், பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடுவாள்.

மகள் போய் மூன்றாவது வருடம், அந்தப் பிறந்த நாளில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. இவர் அப்போது ஒரு ரொட்டிக்கடையில் ஏணிமேல் நின்றிருந்தார். படத்தில் மடித்த கடிதங்கள். அவற்றின் இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு பூச்சி. கைபேசி வெளிச்சத்தில் உடம்பு பளபளத்தது. முன்புறம் அகலம், பின்னால் கேரட் போலக் குறுகி, நுனியில் இழை இழையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. காகிதம், பளபளப்பு, வால். வெள்ளிப் பூச்சி என்று அவர் மனம் சொல்லிவிட்டது.

இன்னொரு படம் கேட்டிருக்கலாம். கேட்டால் அக்கா அந்தப் பெட்டியை மறுபடி திறக்க வேண்டும். அவருக்கு மனம் வரவில்லை. உடனே அழைத்தார்.

வெள்ளிப் பூச்சிதான், பயப்பட ஒன்றுமில்லை, அதற்குக் காகிதமும் பசையும்தான் தீனி, கடிதங்களை மட்டும் எடுத்து வெயிலில் காட்டி வேறு டப்பாவில் வை என்றார்.

"முடிய ஒண்ணும் பண்ணாதுல்லடா?"

"முடிய அது தொடாதுக்கா. நீ பெட்டிய மூடி வை."

அக்கா மூடி வைத்தாள். தம்பி சொன்னால் அவளுக்கு அதுதான் கடைசி வார்த்தை.

அடுத்த பிறந்த நாளன்று காலையில் அவள் கைபேசியிலிருந்து மூன்று படங்கள் வந்தன. ஒன்றில் தீக்குச்சி. ஒன்றில் தலை. ஒன்றில் வால். சட்டப்படி, தெளிவாக. கீழே ஒரு சொல்கூட இல்லை.

தலையில் நீண்ட உணர்கொம்புகள் இல்லை. வெள்ளிப் பூச்சிக்கு அவை நூல் போல நீண்டிருக்கும். உடம்பு வெள்ளியில்லை, பொன்பழுப்பு. வளையம் வளையமாக, படிந்த குட்டை மயிர். வால்பக்கம் தனித்தனியாக மூன்று இழை இல்லை. தூரிகை போல ஒரே கற்றை மயிர். கம்பளி வண்டின் புழு. கம்பளி, பட்டு, இறகு, முடி, இவைதான் அதன் சாப்பாடு. எண்ணெயும் வியர்வையும் பட்டிருந்தால் இன்னும் ருசி.

வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெட்டி. கழுத்துத் துணி சல்லடையாகி இருந்தது. சடை பின்னலாக இல்லை. தொட்ட இடமெல்லாம் துண்டு துண்டாக உதிர்ந்தது. நடுவே உமி மாதிரிப் புழு உரித்த சட்டைகள். இரண்டு நீல நாடாவும் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தன. நாடா நைலான்.

"இது புதுசா வந்ததா?" என்று அக்கா கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வாய் வரைக்கும் வந்தது அந்தச் சொல். அவர் கைபேசியை எடுத்துப் போன வருடத்துப் படத்தைத் தேடினார். வாலைப் பெரிதாக்கினார். கற்றை. வெளிச்சத்தில் வெள்ளியாகத் தெரிந்தது பொன்மயிர். ஏணியைவிட்டு இறங்கி, ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

"இல்லக்கா. அதேதான். அன்னைக்கே இதுதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அப்ப, அன்னைக்கு நான் கேட்டப்போ, சடை முழுசா இருந்துச்சு."

"இருந்துச்சு."

"என்கிட்ட இன்னொரு படம் கேட்டிருக்கலாமேடா. எல்லார்கிட்டயும் கேப்பியே."

"உன்ன மறுபடி தொறக்கச் சொல்ல மனசு வரலக்கா."

மிச்சத்தையாவது காப்பாற்ற முடியுமா என்று அக்கா கேட்டாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழையாகப் பிரித்து, புழுவும் சட்டையும் நீக்கினார். மதியம் தாண்டிவிட்டது. ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு முடி தேறியது. ஒரு நாடாவால் கட்டி, காற்றுப் புகாத பையில் போட்டார். கண்ணுக்குத் தெரியாத முட்டை இருக்கும், குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் இருந்தால் எல்லாம் செத்துவிடும் என்றார்.

அக்கா பையை வாங்கிக்கொண்டாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். வைக்கவில்லை.

"அவளுக்குக் குளிர் ஆகாதுடா."

அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பருத்தி; அந்தப் புழு தின்னாது. பையை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகி, தானே உள்ளே வைத்தார். துணி சுற்றினால் உறைவது தாமதமாகும்.

"மூணு வாரம் இருக்கட்டும்க்கா" என்று சொல்லிக் கதவை மூடினார்.